சதக் கணக்கும் துவித எண்ணும்: விலைக் கூட்டலில் நேரும் ஒரு சத வழு

இலங்கையில் 1872 முதல் ஒரு ரூபாவுக்கு 100 சதம். இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாவுக்கு 16 அணா, 64 பைசா. கணினி வருவதற்கு வெகு முன்பே நிலைபெற்ற இந்த இரு பிரிப்பு முறைகளில், கணினிக்கு இடைஞ்சலாக அமைந்தது புதிய முறையே.

கணினி எண்களைத் துவித முறையில் வைத்திருக்கிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகக் குறையும் பின்னங்களை அது பிசகின்றி எழுதும். அணாவும் (பதினாறில் ஒன்று) பைசாவும் (அறுபத்து நான்கில் ஒன்று) இந்த வரிசைக்குள் அடங்குபவை. நூறில் ஒன்று அடங்காது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீள்வதைப்போல, ஒரு சதமும் துவிதத்தில் முடிவின்றி நீள்கிறது. எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். ஒரு ரூபாவுக்கு உட்பட்ட நூறு சத மதிப்புகளில் 0, 25, 50, 75 ஆகிய நான்கு மட்டுமே சரியாகப் பதிவாகின்றன. பழைய அணாக் கணக்கு இன்றும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இராது.

தொடக்ககால வணிகக் கணினிகளில் இச்சிக்கல் அவ்வளவாகத் தலைகாட்டவில்லை. 1959இல் வடிவமைக்கப்பட்ட கோபால் மொழி பணத்தைத் தசம இலக்கங்களாகவே கையாண்டது. 1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360 இயந்திரத்தில் தசமக் கணக்குக்கெனத் தனிக் கட்டளைகள் இருந்தன. மிதவைப் புள்ளி எண்களோ அறிவியல் கணிப்புக்கு உரியவை. அவற்றுக்கு 1985இல் ஐ.இ.இ.இ. 754 என்ற பொதுத் தரம் அமைந்தது. தனிக்கணினிகளும் அதையே பின்பற்றின. 1995இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் எல்லா எண்களுக்கும் அந்த ஒரு வகையையே கொடுத்தது. விஞ்ஞானியின் அளவுகோல் இவ்வாறு கடைக்காரரின் கல்லாவுக்கு வந்து சேர்ந்தது.

வெட்டுவதால் வரும் பிழை மிகச் சிறியது. ஆனால் சதத்தின் விளிம்பில் அது ஒரு முழுச் சதமாகிவிடும்:

```
>>> 0.1 + 0.2
0.30000000000000004
>>> 1.15 * 100
114.99999999999999
>>> int(1.15 * 100)
114
```

பற்றுச்சீட்டின் வரிகளைக் கையால் கூட்டினால் வரும் தொகைக்கும் அச்சான மொத்தத்துக்கும் ஒரு சதம் வேறுபடுவதும், செலுத்திய பணமும் நிலுவையும் சமமாக இருந்தும் கணக்கு மூடாமல் நிற்பதும் இதன் அடையாளங்கள்.

தீர்வு, பணத்தை ரூபாவாக அல்லாமல் முழுச் சதங்களாக வைப்பது. முழு எண்களைக் கூட்டுவதிலும் பெருக்குவதிலும் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. அமிர்தகழியின் வாவிக் கரையில் கிலோ 1850 ரூபா விலையில் 1.235 கிலோ இறால் விற்கப்படுவதாகக் கொள்வோம். எடையும் முழுக் கிராமாக, 1235 என்று பதிவாக வேண்டும். விலை 185000 சதம்.

```
(1235 * 185000 + 500) // 1000
```

விடை 228475 சதம், அதாவது 2284.75 ரூபா. 1000ஆல் வகுக்குமுன் 500 கூட்டுவது அரைச் சதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் விதி. இவ்வாறு முழுமையாக்குவது ஒவ்வொரு வரியின் இறுதியிலும் ஒரு தடவை மட்டுமே நிகழ வேண்டும். இந்தத் தொகையை மூன்று பங்காளிகள் பிரித்தால் ஆளுக்கு 76158 சதம் போக ஒரு சதம் மிஞ்சும். மிதவைப் புள்ளியில் அந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். முழு எண்ணில் அதை ஒருவர் பங்கில் சேர்த்து 76159 ஆக்கியே தீர வேண்டும்.

பழைய பதிவுகளைச் சதத்துக்கு மாற்றும்போதுதான் தவறு மிகுதி. 100ஆல் பெருக்கிப் பின்னத்தை வெட்டினால், மேலே கண்டபடி 1.15 ரூபா 114 சதமாகிவிடும். பெருக்கியபின் அண்மைய முழு எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதைவிட நல்லது, "1.15" என்ற எழுத்துவடிவத்தையே புள்ளியில் பிரித்து வாசிப்பது.

முழு எண்ணுக்கும் எல்லை உண்டு. 32 பிட் எண்ணில் அடங்கும் பெரிய மதிப்பு 2147483647. சதமாகப் பார்த்தால் அது ஏறத்தாழ 2 கோடி 14 லட்சம் ரூபாதான். ஒரு காணியின் விலையே அதைத் தாண்டலாம். இடைக்கணக்கில் எல்லை இன்னும் விரைவாக வந்துவிடுகிறது. 12.35 கிலோ இறாலுக்கு 12350ஐ 185000ஆல் பெருக்கும்போதே அது கடந்துபோகும், இறுதித் தொகை வெறும் 22847.50 ரூபா என்றாலும். ஆகவே 64 பிட் எண்ணே தேவை. நூறு என்ற பெருக்கியை நிரலில் நிரந்தரமாக எழுதிவைப்பதும் ஆகாது: குவைத் தினாருக்கு 1000 ஃபில்ஸ், ஜப்பானிய யென்னுக்குப் புழக்கத்தில் உட்பிரிவே இல்லை. வளைகுடாவிலிருந்து வரும் பணத்தைக் கையாளும் மென்பொருள், ஒவ்வொரு தொகையுடனும் நாணயத்தின் குறியீட்டைச் சேர்த்து வைத்து, அதற்குரிய பெருக்கியை அட்டவணையிலிருந்து எடுக்கிறது.