இணைப்பு நினைவூட்டல்

இணைப்பு நினைவூட்டல் என்பது, கோப்பு இணைத்திருப்பதாக மடலில் எழுதிவிட்டு அதை இணைக்காமல் அனுப்ப முனைபவரை மின்னஞ்சல் செயலி எச்சரிக்கும் வசதி. ஜிமெயிலில் இது 2008இல் சோதனை முயற்சியாக வந்து 2010இல் நிலைத்தது. அவுட்லுக்கில் 2013 பதிப்பில் சேர்ந்தது. தமிழில் எழுதுவோருக்கு அதிகம் பயன்படுவது தண்டர்பேர்ட் செயலியில் உள்ளதுதான். அதில் தேடவேண்டிய சொற்களைப் பயனரே சேர்க்கலாம்.

செயலி மடலின் பொருளைப் புரிந்துகொள்வதில்லை. பட்டியலில் உள்ள சொல் உரையில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. தட்டச்சுச் செய்யும்போதே தண்டர்பேர்ட் இதைச் செய்கிறது. மேற்கோளாக வரும் பழைய மடலையும் கையொப்பத்தையும் விட்டுவிடுகிறது. சொல் அகப்பட்டால் எழுதும் சாளரத்தின் அடியில் அறிவிப்புப் பட்டை தோன்றும். ஆங்கிலப் பதிப்பின் பட்டியலில் attached, enclosed, CV போன்ற சொற்களும் .pdf, .doc போன்ற கோப்பு ஈறுகளும் இருக்கின்றன.

நீர்வேலியிலிருந்து ஒருவர் கோப்பாய் பிரதேச செயலகத்துக்கு, “கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கையை இத்துடன் இணைத்துள்ளேன்” என்று எழுதுவதாகக் கொள்வோம். ஆங்கிலப் பட்டியல் மட்டும் இருந்தால் எச்சரிக்கை வராது. ‘இணைத்துள்ளேன்’ என்பதைச் சேர்த்தால் இந்த மடல் பிடிபடும். அடுத்த மடலில் ‘இணைத்திருக்கிறேன்’ என்று எழுதினால் தப்பிவிடும். ஒரே வினை இத்தனை வடிவம் எடுக்கும் மொழியில் முழுச் சொற்களை அடுக்கி மாளாது.

தண்டர்பேர்ட் சொல்லின் எல்லையைக் கணிக்கும் முறை இங்கே எதிர்பாராமல் கைகொடுக்கிறது. பெரிய, சிறிய எழுத்து வேறுபாடுள்ள வரிவடிவங்களின் எழுத்துகளையே அது சொல்லின் தொடர்ச்சியாக எண்ணுகிறது. தமிழ் எழுத்து அந்த வகையில் சேராததால், சொல்லின் முற்பகுதியைக் கொடுத்தாலே போதும். ‘இணைத்த’ என்று சேர்த்தால் மேற்சொன்ன இரண்டு வடிவங்களும் அகப்படும். ஏனெனில், கணினியில் துகரமும் திகரமும் தகரத்தின் பின் உயிர்க்குறி சேர்ந்தே பதிவாகின்றன. செயப்பாட்டு வினைக்கு ‘இணைக்கப்பட்ட’ என்பதையும், அலுவலகக் கடிதங்களில் தவறாமல் வரும் ‘இத்துடன்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றை அமைப்புகளில் மடல் எழுதுதல் பகுதியில் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், அல்லது நேரே இந்த விருப்பத்தில் காற்புள்ளியிட்டு எழுதலாம்:

```
mail.compose.attachment_reminder_keywords
```

பழைய சொற்களை அழிக்காமல் அவற்றின் பின்னே சேர்ப்பது நல்லது. பிறகு வெற்று மடலில் ஒவ்வொரு வடிவத்தையும் தட்டிப் பார்த்தால், பட்டை தோன்றுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

‘இணைப்பு’ என்ற சொல்லைச் சேர்ப்பது அவ்வளவு உசிதமல்ல. மின் இணைப்பு, குழாய்நீர் இணைப்பு பற்றிய மடல்களிலெல்லாம் வீண் எச்சரிக்கை வரும். அடிக்கடி வீணாக வரும் எச்சரிக்கையைப் படிக்காமலே மூடும் பழக்கம் ஏற்பட்டுவிடும். அதன்பின் உண்மையான எச்சரிக்கையும் கவனத்துக்கு வராது.

ஏதேனும் ஒரு கோப்பு இணைந்திருந்தாலே செயலி ஓய்ந்துவிடும். மூன்று ஆவணங்கள் என்று எழுதி ஒன்றை மட்டும் இணைத்தாலும், அறிக்கைக்குப் பதில் வேறு படத்தை இணைத்தாலும் அதற்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில் inaithullen என எழுதப்படும் தமிழும், அந்த வடிவத்தைத் தனியே சேர்த்தாலன்றி அதன் கண்ணில் படாது.