மேக்கப் கூடினாலும் வேலை போனது, குறைந்தாலும் வேலை போனது

வேலைக்குப் போகும் நம் சகோதரிகள் அடிக்கடி சொல்லும் ஒரு விடயம் இது. முகத்தில் ஒன்றும் பூசாமல் போனால் "என்ன, சுகமில்லையா?" என்று கேட்கிறார்கள். கொஞ்சம் கூடினால் "எங்கே கல்யாண வீடா?" என்கிறார்கள். இதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அமெரிக்காவில் இதே விடயம் இரண்டு பெண்களின் தொழிலையே பறித்தது. இருவரும் நீதிமன்றம் போனார்கள்.

முதலாமவர் எங்களைப் போல ஓர் ஆசிரியை. இந்தியானா மாநிலத்தில், சிறுவர் தடுப்பு நிலையமொன்றில் படிப்பித்தவர். முடியை விரித்து விட்டார், மேக்கப் அளவுக்கு மிஞ்சியது என்பவை அவரை நீக்கச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானவை. 1987இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை.

இரண்டாமவர் டார்லீன் ஜெஸ்பர்சன். நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில், ஹராஸ் என்ற கெசினோவின் மதுச்சாலையில் ஏறத்தாழ 20 வருடங்கள் வேலை செய்தவர். மேலதிகாரிகளும் வாடிக்கையாளர்களும் அவருடைய வேலையை மெச்சினார்கள். நிர்வாகம் முன்பு மேக்கப் போடும்படி ஊக்குவித்தபோது சில காலம் போட்டுப் பார்த்தார். தன் மதிப்பே குறைவது போல உணர்ந்ததால் விட்டுவிட்டார்.

2000ஆம் ஆண்டில் அது கட்டாயமாயிற்று. பெண்கள் பவுடர், கன்னச் சாயம், மஸ்காரா, லிப்ஸ்டிக் எல்லாம் போட வேண்டும். முடியை அலங்கரித்து விரித்தே விட வேண்டும். ஆண்களுக்கோ மேக்கப் கூடாது, முடி கொலருக்குக் கீழே போகக் கூடாது, நகம் வெட்டியிருந்தால் போதும். அவர் மறுத்தார், வேலை போனது. ஆசிரியை எதற்காகத் தண்டிக்கப்பட்டாரோ, இங்கே அதைச் செய்யாததுதான் குற்றம் என்பதைக் கவனியுங்கள்.

2006இல் 11 நீதிபதிகளில் 7 பேர் ஜெஸ்பர்சனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு ஒழுங்கு வைக்கலாம், ஒரு சாராருக்குச் சுமை கூடினால்தான் பிழை என்றார்கள். பெண்ணுக்கு எவ்வளவு காசு, எவ்வளவு நேரம் கூடுதலாகப் போகிறது என்பதற்கு அவர் எந்த ஆதாரமும் தாக்கல் செய்யவில்லை என்பது அவர்கள் காட்டிய முக்கிய காரணம். மேக்கப்புக்குக் காசும் நேரமும் போகும் என்பதற்குச் சாட்சி எதற்கு, அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று மாறுபட்ட நீதிபதிகள் எழுதினார்கள்.

நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். "நீட்டாக வாருங்கள்" என்று சொல்வது இலகு. அந்த "நீட்" எவ்வளவு என்பதை ஒவ்வொரு இடத்திலும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். அதற்கான காசும் விடியற்காலை நேரமும் மட்டும் அந்தப் பெண்ணுடையது. அப்படியொரு ஒழுங்கு உங்கள் வேலைத்தலத்தில் வந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். மாதம் எவ்வளவு செலவாகிறது, காலையில் எத்தனை நிமிடம் போகிறது என்று குறித்து வையுங்கள். ஜெஸ்பர்சனின் கையில் இல்லாமல் போனது அந்தக் கணக்குத்தான்.