முதலாளியின் கடிகாரம்

ஆர்வெல்லின் ‘1984’ஐ ஸ்டாலினியத்தோடு முடிச்சுப்போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்கிறோம். ஸமியாதினின் ‘நாங்கள்’ நாவல் அப்படித் தப்பிக்க விடாது. ஸ்டாலின் அதிகாரத்துக்கு வருமுன்பே, 1920-21இல், 1905இல் போல்ஷ்விக்காகச் சிறை சென்றவர் எழுதியது அது. சோவியத்தில் 1988இல்தான் அச்சேறியது.

அங்கே ஆட்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வீடுகளுக்குக் கண்ணாடிச் சுவர். எல்லோரும் ஒரே நொடியில் எழுகிறார்கள். ஒரு கவளத்தை 50 முறை மெல்ல வேண்டும் என்பது சட்டம். அந்த உலகம் கொண்டாடும் ஞானி டெய்லர். தொழிலாளியின் அசைவைக் கடிகாரம் வைத்து அளந்த அமெரிக்கப் பொறியாளர். அவர் முறையைக் கற்கச் சொல்லி 1918இல் லெனினே எழுதினார்.

ஆர்வெல்லின் வின்ஸ்டன் சித்திரவதையில் உடைகிறான். ஸமியாதினின் டி-503க்கோ கற்பனையை நீக்கும் சிகிச்சை; பிறகு காதலி வதைபடுவதைச் சலனமில்லாமல் பார்க்கிறான். முன்னது அதிகார வெறி பற்றிய எச்சரிக்கை. பின்னது திறமை, ஒழுங்கு என்று நாமே விரும்பி ஏற்பதைப் பற்றியது.

எனக்குப் பயம் இரண்டாவதுமேல்தான். முதலாளியை விரட்டிட்டு அவன் கடிகாரத்தை மட்டும் வச்சுக்கிட்டா?