சல்லடையும் சுருக்கமும்: மலிவுப் பலகையில் முகமறிதல் வந்த வழி

2001இல் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் வெளியிட்ட முகமறியும் முறை, 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கணினியில் 384×288 புள்ளி அளவுள்ள படங்களை விநாடிக்கு 15 வீதம் அலசியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் பரவிய இஎஸ்பி32-கேம் பலகையின் மாதிரி நிரல், 400 புள்ளிக்கு மேல் அகலமான படத்தில் முகம் தேடுவதில்லை. படத்தின் அளவு அன்றும் இன்றும் கிட்டத்தட்ட ஒன்றே. அன்று பற்றாக்குறை நேரத்தில் இருந்தது, இன்று நினைவகத்தில். முறையின் வரலாற்றை இந்த இடமாற்றமே தீர்மானித்தது என்பது என் கருத்து.

வயோலா-ஜோன்ஸ் முறையின் அடிப்படை ஒரு சல்லடை அடுக்கு. படத்தின் பெரும்பாலான கட்டங்களில் முகமே இராது. அவற்றை முதல் படிகளே மலிவான சோதனைகளால் கழித்துவிடும். தப்பியவை மட்டும் அடுத்த படிக்குப் போகும். சோதனைகளை விரைவாக்க அவர்கள் கூட்டுப்படம் ஒன்றை அமைத்தனர்: ஒவ்வொரு புள்ளியும் தனக்கு மேலும் இடப்புறமும் உள்ள எல்லாப் புள்ளிகளின் கூட்டுத்தொகையை வைத்திருக்கும். புள்ளிக்கு 4 பைட் என்று கொண்டால் 384×288 படத்துக்கு 4,42,368 பைட். பென்டியம் கணினிக்கு இது பொருட்டல்ல. இஎஸ்பி32 சில்லின் உள் நினைவகமோ மொத்தமே 520 கிலோபைட். வைஃபைக்கும் அதிலிருந்தே பங்கு போகவேண்டும். நேரத்தை மிச்சம்பிடித்த உத்தி இங்கே கட்டுப்படியாகாது.

அப்படியானால் இதே சில் வீடியோவை எப்படி ஓடவிடுகிறது? பெருமை கேமராவையே சேரும். ஓவி2640 உணரி 1600×1200 படத்தைச் சுருக்காமல் கொடுத்தால், புள்ளிக்கு 2 பைட் வீதம் 38,40,000 பைட் ஆகும். ஆனால் அதற்குள்ளேயே ஜேபெக் சுருக்கி இருக்கிறது. சில் செய்வதெல்லாம் சுருங்கி வந்த படத்தை வாங்கி, `multipart/x-mixed-replace` தலைப்புக்குப் பின் ஒன்றன்பின் ஒன்றாக 81ஆம் போர்ட்டில் அனுப்புவதுதான். ஒவ்வொரு படமும் தனித்து நிற்பதால் முந்தைய படத்தை நினைவில் வைத்திருக்கவும் தேவையில்லை.

முகம் தேடத் தொடங்கியதும் இந்த வசதியே தடையாகிறது. சுருக்கிய தரவில் புள்ளிகள் கிடையாது, பிரித்தாகவேண்டும். 320×240 படம் புள்ளிக்கு 3 பைட்டாக விரிந்தால் 2,30,400 பைட். அவ்வளவு இடம் உள் நினைவகத்தில் ஒரே தொடர்ச்சியாகக் கிடைப்பது அரிது என்பதால், பலகையில் தனியே ஒட்டப்பட்ட பிஎஸ்ரேம் சில் கைகொடுக்கிறது. அது மெதுவானது என்றாலும் வேறு வழியில்லை. அதை இயக்காமல் விட்டால் சீரியல் திரையில் `dl_matrix3du_alloc failed` என்ற வரி வந்து நிற்கும்.

தேடும் பொறுப்பை எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் எம்டிஎம்என் மாதிரி ஏற்றது. 2016இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட எம்டிசிஎன்என் முறையின் சுருங்கிய வடிவம் அது. அதிலும் சல்லடைதான்: மூன்று சிறு நரம்பு வலைகள், 12, 24, 48 புள்ளிச் சதுரங்களைப் பார்ப்பவை. முதல் வலை தரும் கட்டங்களை அடுத்தவை ஒவ்வொன்றாக வடிகட்டும். நிரலில் அதன் கைப்பிடிகள் இவை:

```
mtmn_config.min_face = 80;
mtmn_config.pyramid = 0.707;
mtmn_config.pyramid_times = 4;
```

80 புள்ளி முகம் 12 புள்ளியாகச் சுருங்கவேண்டும் என்றால் 320×240 படம் 48×36 ஆகிறது. அடுத்தடுத்த சுருக்கங்களில் 113, 160, 226 புள்ளி முகங்கள் பிடிபடும். இந்தச் சிறு படங்களே நினைவகத்தைக் காப்பாற்றுகின்றன. விலை என்னவென்றால், தொலைவில் நிற்பவர் முகம் 80 புள்ளிக்கு வெகுவாகக் குறைந்தால் கண்ணில் படாது. `min_face` எண்ணைக் குறைத்தால் படுவார்; முதல் வலை மேயவேண்டிய பரப்பு இருபடியாகப் பெருகும்.

பழைய மாதிரி நிரலில் இன்னொரு நடத்தை கவனிக்கத்தக்கது. முகம் இல்லாத படத்தில் கேமரா தந்த ஜேபெக் அப்படியே வெளியேறும். முகம் கிடைத்தாலோ பெட்டி வரைந்து, மென்பொருளாலேயே மறுபடி சுருக்கவேண்டும். எனவே ஆள் வந்து நின்றதும் ஓட்டம் மேலும் தொய்யும். வைஃபைதான் காரணம் என்று பலர் ஆன்டெனாவைத் திருப்புவார்கள். சீரியல் திரையில் ஒவ்வொரு படத்துக்கும் அச்சாகும் நான்கு எண்களின் கூட்டலைப் பார்த்தால் போதும். முறையே பிரித்தல், முகம் தேடல், ஆளை அடையாளம் காணல், மறுசுருக்கம் ஆகியவற்றுக்கான மில்லிவிநாடிகள் அவை. நான்காவது எண் ஆளோடு சேர்ந்து எழுந்தால் குற்றம் வைஃபையினுடையதல்ல.

பின்வந்த இஎஸ்பி32-எஸ்3 சில்லில் திசைக்கணக்குக் கட்டளைகள் சேர்ந்தன. மூன்று வலைகளின் இடத்தில் இரண்டு கட்டம் வந்தது. அதற்கான நிரலில் முகம் தேட `PIXFORMAT_RGB565` என்று வைக்கச் சொல்கிறார்கள். 320×240 படம் 1,53,600 பைட்டாக நேரே வரும். பிரிக்கும் வேலை இல்லை. ஆனால் கேமராவின் இலவசச் சுருக்கமும் போய்விட்டது. பார்ப்பவருக்கு அனுப்பும் ஒவ்வொரு படத்தையும், முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சில்லே சுருக்கவேண்டும். வீடியோ வேண்டாம், முகம் இருக்கும் இடத்தின் ஆயங்கள் மட்டும் போதும் என்ற பயன்பாட்டில்தான் அந்தச் செலவு முழுதாக ஒழிகிறது.