குளிசையா, கதைப்பதா? நேருக்கு நேர் மோதாத சிகிச்சைகளை ஒப்பிடும் கணக்கு

மனவடுவுக்கு எது நல்லது: குளிசையா, அல்லது ஒருவரோடு இருந்து கதைக்கும் சிகிச்சையா? உளநலக் கிளினிக்குக்கு வீட்டு ஆட்களைக் கூட்டிவருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இப்போது பலர் கேள்வியோடு மட்டும் வருவதில்லை. கைபேசியில் ஒரு தரவரிசைப் பட்டியலையும் காட்டுகிறார்கள். “முதலாவதாக இருக்கிற சிகிச்சை இங்கே கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள்.

அந்தப் பட்டியல்கள் பொய்யல்ல. ஆனால் அவை எப்படித் தயாராகின்றன என்று தெரிந்தால்தான் எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும். அவற்றைத் தயாரிக்கும் முறையின் பெயர் வலையமைப்பு மீபகுப்பாய்வு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடிப்படைக் கணக்கு வெறும் கழித்தல்தான்.

சாதாரண மீபகுப்பாய்வு என்பது ஒரே இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்ட பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஒரு விடை எடுப்பது. இரண்டு சிகிச்சைகள் மட்டும் என்றால் இது போதும். ஆனால் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்க்கு எத்தனை சிகிச்சைகள்! வளர்ந்தவர்களுக்கான உளச் சிகிச்சைகளைப் பற்றி 2020ஆம் ஆண்டு வெளியான ஒரு வலையமைப்பு மீபகுப்பாய்வில் 90 ஆய்வுகள், 6,560 பேர், 22 வகையான தலையீடுகள் இருந்தன. 22 தலையீடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 231 சோடிகள் வரும். இருப்பதோ 90 ஆய்வுகள். ஆகவே பெரும்பாலான சோடிகள் நேருக்கு நேர் சந்தித்ததே இல்லை. பல ஆய்வுகள் ஒரு சிகிச்சையை “காத்திருப்போர் பட்டியல்” என்ற குழுவோடு ஒப்பிடுவதோடு நிறுத்திவிடுகின்றன. அந்தக் குழுவில் உள்ளவர்களுக்கு இப்போது சிகிச்சை இல்லை, பிறகு தரப்படும்.

இந்த இடத்தில்தான் மறைமுக ஒப்பீடு வருகிறது. ஊர் உதைபந்தாட்டத்தை நினைத்துப் பாருங்கள். முதலாம் அணி மூன்றாம் அணியை 3 கோல் வித்தியாசத்தில் வென்றது. இரண்டாம் அணி அதே மூன்றாம் அணியை 1 கோல் வித்தியாசத்தில் வென்றது. முதல் இரண்டு அணிகளும் தங்களுக்குள் விளையாடவே இல்லை. இருந்தாலும் முதலாம் அணி இரண்டு கோல் அளவுக்குப் பலமானது என்று மதில் மேல் இருந்து பார்க்கிறவர் சொல்லிவிடுவார். 1997இல் ஹைனர் புச்சரும் அவருடன் சேர்ந்தவர்களும் மருத்துவ ஆய்வுகளுக்கு எழுதிக் கொடுத்த முறையும் இதே கழித்தல்தான். அதோடு நிச்சயமின்மையையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைச் செய்துபார்ப்போம். நோய்க்குறிகளை அளக்கும் ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது, புள்ளி குறைந்தால் சுகம். காத்திருந்தவர்களைவிட ‘அ’ சிகிச்சை பெற்றவர்களுக்கு 14 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஆய்வு சிறியது என்பதால் உண்மை அளவு 10க்கும் 18க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம், அதாவது 4 புள்ளி முன்பின். வேறொரு ஆய்வில் ‘ஆ’ சிகிச்சைக்கு அந்த வித்தியாசம் 9 புள்ளி, முன்பின் 3. கழித்தால் ‘அ’, ‘ஆ’வைவிட 5 புள்ளி மேல். நிச்சயமின்மையைக் கழிக்க முடியாது, அது சேரும். 4இன் வர்க்கம் 16, 3இன் வர்க்கம் 9, கூட்டினால் 25, அதன் வர்க்கமூலம் 5. ஆகவே விடை 5, முன்பின் 5. அதாவது வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம், 10 புள்ளியாகவும் இருக்கலாம். தனித்தனியே பார்த்தபோது இரண்டு ஆய்வுகளும் தெளிவாக இருந்தன. மறைமுகமாகச் சேர்த்தவுடன் மங்கிவிட்டன. மறைமுக ஒப்பீட்டுக்கு நாம் கொடுக்கும் விலை இது.

கழித்தது வித்தியாசங்களை மட்டும் என்பதைக் கவனியுங்கள். ‘அ’ குழுவில் இத்தனை பேர் சுகமானார்கள், வேறு நாட்டில் ‘ஆ’ குழுவில் இத்தனை பேர் என்று நேரடியாக ஒப்பிட்டால் அது ஆய்வே அல்ல. ஒவ்வொரு ஆய்வும் தன் ஆட்களை எழுமாறாக இரண்டாகப் பிரித்திருக்கிறது. அதனால் அந்த ஆய்வுக்குள் இருக்கும் வித்தியாசத்தில்தான் நம்பிக்கை வைக்கலாம்.

மூன்றாம் அணி உண்மையில் ஒரே அணியா?

உதைபந்தாட்டக் கதையில் ஒரு சந்தேகம் உங்களுக்கு ஏற்கனவே வந்திருக்கும். மூன்றாம் அணி ஒரு போட்டிக்கு முழுப் பலத்தோடு வந்து, மற்றதற்குச் சின்னப் பெடியன்களை அனுப்பியிருந்தால்? கழித்தல் சரி, முடிவு பிழை. மூன்றாம் அணி இரண்டு போட்டிகளிலும் ஒரே மாதிரியானது, போட்டி நடந்த சூழலும் ஒப்பிடத்தக்கது என்ற எடுகோளைத்தான் கடப்புத்தன்மை என்கிறார்கள். வலையமைப்பு மீபகுப்பாய்வு முழுவதும் இதன்மேல் நிற்கிறது.

குளிசையா, கதைப்பதா என்ற கேள்வியில் இந்த எடுகோள் முதலில் முறியக்கூடிய இடம் ஒப்பீட்டுக் குழு. உளச் சிகிச்சை ஆய்வுகள் பலவற்றில் எதிர்ப்பக்கம் காத்திருப்போர். மருந்து ஆய்வுகளில் எதிர்ப்பக்கம் மருந்தில்லாத போலிக் குளிசை. இரண்டையும் “சிகிச்சை இல்லை” என்று ஒரே பெட்டிக்குள் போட ஆசை வரும். ஆனால் போலிக் குளிசை எடுப்பவர் வைத்தியரை ஒழுங்காகச் சந்திக்கிறார், எப்படி நித்திரை என்று யாரோ விசாரிக்கிறார்கள், மருந்து எடுக்கிறேன் என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. காத்திருப்பவருக்கு இவை எதுவும் இல்லை.

மறுபடியும் கற்பனைக் கணக்கு. கதைக்கும் சிகிச்சை காத்திருப்போரைவிட 14 புள்ளி மேல். குளிசை போலிக் குளிசையைவிட 5 புள்ளி மேல். இரு எதிர்க்குழுக்களும் ஒன்றென்று நினைத்தால் கதைக்கும் சிகிச்சை 9 புள்ளியால் வெல்கிறது. ஆனால் போலிக் குளிசையே காத்திருப்பதைவிட 8 புள்ளி நல்லது என்றால், குளிசை காத்திருப்போரைவிட 13 புள்ளி மேல். வித்தியாசம் 1 புள்ளிக்குச் சுருங்கிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஓர் ஆய்வும் பிழையாக நடக்கவில்லை. ஒரு பெயரைச் சரியாக வைக்காததால் வந்த வினை இது.

இரண்டாவது இடம், யார் பங்குபற்றினார்கள் என்பது. சேர்ட்ரலின் என்ற குளிசையை எடுத்துக்கொள்வோம். 2000, 2001ஆம் ஆண்டுகளில் வெளியான இரண்டு அமெரிக்க ஆய்வுகளில், முறையே 187 பேரிலும் 208 பேரிலும், அது போலிக் குளிசையைவிட நல்ல பயன் தந்தது. அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் அவர்களிடையே அதிகம். 2007இல் வெளியான இன்னொரு ஆய்வு முன்னாள் படையினருக்கான வைத்தியசாலைகளில் 169 பேருடன் நடந்தது. பெரும்பாலானோர் ஆண்கள், போரில் மனவடுப்பட்டவர்கள். அங்கே சேர்ட்ரலின் போலிக் குளிசையைவிட மேலாகத் தெரியவில்லை. அதே மருந்துதான், ஆட்கள் வேறு. அவர்களின் மனவடுவும், அதைச் சுமந்த காலமும் வேறு.

இப்படி ஒரு சிகிச்சையின் பலனைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் காரணிகள் வலையமைப்பின் ஒரு பக்கத்தில் குவிந்திருந்தால் கழித்தல் ஏமாற்றும். மருந்து ஆய்வுகள் முழுவதும் நாட்பட்ட போர் மனவடு உள்ளவர்களிடமும், உரையாடல் சிகிச்சை ஆய்வுகள் முழுவதும் அண்மையில் விபத்துக்கு உள்ளானவர்களிடமும் நடந்திருந்தால், நாம் ஒப்பிடுவது சிகிச்சைகளை அல்ல, ஆட்களை. இரு பக்கத்திலும் இந்தக் காரணிகள் ஏறக்குறைய ஒரே அளவில் கலந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதே குற்றமல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது

நான் முதலில் கேட்பது ஒரு எளிய கேள்வி. இந்த வலையமைப்பில் உள்ள எந்த நோயாளியையும், அதில் உள்ள எந்தச் சிகிச்சைக்கும் எழுமாறாக அனுப்பியிருக்க முடியுமா? ஒரு மருந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுவதில்லை என்றால், பிள்ளைகளின் ஆய்வு அந்த மருந்து இருக்கும் வலையமைப்பில் இருக்கக் கூடாது. அடுத்ததாக, ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் பங்குபற்றியோரின் வயது, பால், மனவடுவின் வகை, நோயின் கடுமை, சிகிச்சை நடந்த காலம் ஆகியவற்றை வரிசையாகக் காட்டும் அட்டவணை கட்டுரையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அது இல்லாமல் “எடுகோள் பொருந்துகிறது” என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் தரவரிசையைப் பெரிதாக எடுக்க மாட்டேன்.

கணக்கு வழியாகவும் ஒரு சோதனை உண்டு. இரண்டு சிகிச்சைகள் மறைமுகமாக மட்டுமன்றி நேருக்கு நேரும் ஒப்பிடப்பட்டிருந்தால் முக்கோணம் மூடிவிடும். அப்போது நேரடி விடையையும் மறைமுக விடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் முரண்பட்டால் எங்கோ எடுகோள் உடைந்திருக்கிறது. குளிசையையும் கதைப்பதையும் இப்படி நேரடியாக மோதவிட்ட ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இருந்து திரும்பிய 223 அமெரிக்கப் படையினர் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லி எதிர்கொள்ளும் சிகிச்சையும் போலிக் குளிசையும், இன்னொன்றுக்கு அதே சிகிச்சையும் சேர்ட்ரலினும், மூன்றாவதற்குச் சேர்ட்ரலினும் வைத்தியரின் நெருக்கமான கவனிப்பும். மூன்று குழுவும் தேறின, குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காத்திருப்போரை நடுவில் வைத்துக் கணித்த பெரிய இடைவெளிகளோடு பழகிய கண்ணுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஆனால் இங்கே எல்லாரும் ஒரே ஆய்வுக்குள் கவனிக்கப்பட்டவர்கள்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. முக்கோணம் மூடாத இடத்தில் சோதிக்கவே முடியாது. மூடிய இடத்திலும் ஆய்வுகள் குறைவாக இருந்தால் முரண்பாடு இருந்தும் கணக்கில் தெரியாது. “முரண்பாடு காணப்படவில்லை” என்பதற்கு “முரண்பாடு இல்லை” என்று பொருள் கிடையாது. தரவரிசையிலும் இதே சிக்கல்தான். முதலாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் நமது கணக்கில் வந்த “5, முன்பின் 5” போன்றதாக இருந்தால், அந்த வரிசையைப் பார்த்து ஒருவரின் சிகிச்சையை மாற்றக் கூடாது.

எங்கள் மண்ணில் நடந்த ஓர் ஆய்வு இந்த வலையமைப்பில் எங்கே வரும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சுனாமிக்குப் பின் வடகிழக்கில் ஓர் இடம்பெயர்ந்தோர் முகாமில், போரையும் கடலையும் கண்ட 31 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு அது. ஒரு பகுதியினர் ஆறு அமர்வுகளில் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லிக் கோர்த்தார்கள், மற்றவர்கள் ஆறு அமர்வுகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின் முதற் குழுவில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இத்தனை சிறிய குழுவில் அந்த இடைவெளி ஒன்றிரண்டு பிள்ளைகள்தான்.

வலையமைப்பு வரைபடத்தில் இது கதை சொல்லும் சிகிச்சைக்கும் தியானத்துக்கும் இடையே ஒரு நேரடிக் கோடு. காத்திருப்போர் குழு இதில் இல்லை. எனவே வேறு ஆய்வுகள் இந்த இரண்டில் ஒன்றையாவது தொட்டால்தான் இது மற்றச் சிகிச்சைகளோடு இணையும். பெரியவர்களின் 90 ஆய்வுகளோடு இதைச் சேர்க்க முடியாது. வயது வேறு, அனர்த்தம் நடந்து கழிந்த காலம் வேறு. பிள்ளைகளுக்கான வலையமைப்பில் சேர்த்தாலும், அந்தக் கோட்டின் மறுமுனையில் உள்ள “தியானம்” வேறு நாட்டு ஆய்வுகளில் அதே பெயரில் வரும் தியானம்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.