‘பைவீக்லி’ன்னா வாரம் ரெண்டு தடவையா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையா?

புது வேலை. ‘பேமென்ட் பைவீக்லி, தடவைக்கு 5,000 ரூபாய்’ என்று மெயில் வருகிறது. சந்தோஷமாக ‘ஓகே’ அனுப்பிவிடுவீர்கள். ஆனால், எதுக்கு ஓகே சொன்னீங்க?

குழப்பம் உங்களுடையது அல்ல, அந்த வார்த்தையுடையது. ‘பை’ என்பது ‘இரண்டு’ என்று மட்டும்தான் சொல்லும். வாரத்துக்கு இரண்டு முறையா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையா என்று சொல்லாது. ஆங்கில அகராதிகளே இரண்டு அர்த்தத்தையும் தருகின்றன. ‘பைமன்த்லி’யும் அப்படித்தான். ரிசர்வ் வங்கியின் ‘பைமன்த்லி’ பணக்கொள்கை அறிக்கை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. அதே வார்த்தையை மாதம் இருமுறை என்ற பொருளில் எழுதுபவர்களும் உண்டு.

அப்போ ‘ஃபோர்ட்நைட்லி’ சேஃபா? ‘பதினான்கு இரவு’ என்பதிலிருந்து வந்த சொல் அது. கணக்குப்படி 14 நாளுக்கு ஒருமுறை. ஆனால் நம் ஊரில் ‘15 நாளுக்கு ஒருமுறை’ என்கிறோம். 1-ம் தேதி, 15-ம் தேதி என மாதம் இருமுறை நடப்பதையும் அப்படியே அழைக்கிறோம்.

ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும். இல்லை. மாதம் இருமுறை என்றால் வருடத்துக்கு 24 தடவை. 14 நாளுக்கு ஒருமுறை என்றால் 26 தடவை. உங்கள் 5,000 ரூபாய் கணக்கில், முதலாவது 1,20,000. இரண்டாவது 1,30,000. ஒரு வார்த்தைக்கு 10,000 ரூபாய் வித்தியாசம்!

எப்படி எழுதுவது?

இந்த விஷயத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். ‘வாரத்துக்கு 2 முறை’, ‘2 வாரத்துக்கு ஒருமுறை’ இரண்டையும் யாரும் மாற்றிப் படிக்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே மாதிரி விரித்தே எழுதுங்கள்.

அதோடு கிழமையையும், முதல் மூன்று தேதிகளையும் சேர்த்துவிடுங்கள். ஏன் மூன்று? 2026 ஜனவரியைப் பாருங்கள். ‘2 வாரத்துக்கு ஒரு வெள்ளி’ என்று 9-ம் தேதி தொடங்கினால், அடுத்தது 23. ‘இரண்டாவது, நான்காவது வெள்ளி’ என்றாலும் அதே 9, 23தான். அந்த மாதத்தில் ஐந்து வெள்ளி வருவதால், மூன்றாவது தேதியில்தான் ரெண்டும் பிரியும். ஒன்று பிப்ரவரி 6, இன்னொன்று பிப்ரவரி 13. இரண்டு தேதியோடு நிறுத்தியிருந்தால், ஒருவர் மீட்டிங்குக்கு வந்து காத்திருப்பார், இன்னொருவர் வீட்டில் இருப்பார்.

ஆக, மெசேஜ் இப்படி இருக்கட்டும்: ‘2 வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளி மாலை 5 மணி. ஜனவரி 9, ஜனவரி 23, பிப்ரவரி 6... இப்படியே தொடரும். வெள்ளி லீவு என்றால் வியாழன்.’

யாராவது ‘பைவீக்லி’ன்னு அனுப்பினால், ‘அப்படின்னா என்ன?’ என்று கேட்கக் கூச்சமா? ‘அடுத்த மூணு தேதி சொல்லிடுங்க, காலண்டர்ல போட்டுக்கறேன்’ என்று கேளுங்கள். பதிலிலேயே அர்த்தம் வந்துவிடும்.