0 பாகை மூல நியமப்பாதை

ஒரு கட்டுப்பாட்டு அமைப்பில் பெருக்கத்தை மெல்ல மெல்லக் கூட்டும்போது மூடிய வளையத்தின் துருவங்கள் கலப்பெண் தளத்தில் நகரும் தடமே மூல நியமப்பாதை. பொறியியல் வகுப்புகளில் இதை ‘ரூட் லோகஸ்’ என்றே சொல்வார்கள். வால்டர் ஆர். எவன்ஸ் 1948-லும் 1950-லும் வெளியிட்ட கட்டுரைகளில் இந்த வரைமுறை உருவானது. அவர் அப்போது அமெரிக்காவின் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தில் பணியாற்றினார். பாடநூல்கள் பெரும்பாலும் எதிர்ப் பின்னூட்டத்தை எடுத்துக்கொண்டு 1 + kG(s) = 0 என்ற சமன்பாட்டிலிருந்து தொடங்குகின்றன. அதில் G(s) = −1/k ஆக வேண்டும் என்பதால், k நேர்மதிப்பாக இருக்கையில் G-யின் கோணம் 180 பாகை. பின்னூட்டம் நேர்க்குறியோடு வந்தால் சமன்பாடு 1 − kG(s) = 0 ஆகிறது; G-யின் கோணம் 0 பாகை அல்லது 360-இன் மடங்காக இருக்க வேண்டும். இந்த நிபந்தனைக்கு உட்பட்டு வரையும் பாதைக்கே 0 பாகை நியமப்பாதை என்று பெயர். k-ஐ எதிர்மதிப்புகளுக்கும் நீட்டிப் பார்த்தால் வழக்கமான பாதையின் மறுபாதி இதுதான். அதனால் இதை நிரப்பு நியமப்பாதை என்றும் சொல்வதுண்டு.

வரையும் விதிகளில் கோணத்தைச் சார்ந்தவை மட்டுமே மாறுகின்றன. மெய் அச்சில் ஒரு புள்ளியை எடுத்தால், அதற்கு வலப்பக்கம் உள்ள ஒவ்வொரு துருவமும் சுழியும் 180 பாகை தரும். இடப்பக்கம் உள்ளவை எதுவும் தராது. ஆகவே வலப்பக்கத்து எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள பகுதிகளே பாதையில் சேரும். எதுவுமே இல்லாத நிலையும் இரட்டைப்படைதான் என்பதால், கடைசித் துருவம் அல்லது சுழிக்கு வலப்பக்கமுள்ள மெய் அச்சு முழுவதும் எப்போதும் பாதைக்குள் வந்துவிடும். தொலைத்தொடுகோடுகளின் கோணங்கள் 360q/(n − m); இங்கே n துருவங்களின் எண்ணிக்கை, m சுழிகளின் எண்ணிக்கை, q = 0, 1, 2 என்று போகும். q = 0 என்னும்போது கோணம் 0. அதாவது n, m-ஐ விடப் பெரிதாக இருந்தால் ஒரு கிளை நேராக வலப்பக்க முடிவிலிக்குப் போயே தீரும். போதுமான அளவு பெருக்கினால் இப்படிப்பட்ட எந்த வளையமும் நிலைகுலையும் என்பதை அந்த ஒரு தொடுகோடே சொல்லிவிடுகிறது. கலப்புத் துருவத்திலிருந்து கிளை புறப்படும் கோணத்தைக் கணக்கிடுகையிலும் 180-க்குப் பதில் 0 வைக்க வேண்டும். கிளைகள் சந்தித்துப் பிரியும் இடங்களைத் தரும் dk/ds = 0 என்ற நிபந்தனைக்கும், ஒரு புள்ளியில் k எவ்வளவு என்று காட்டும் பருமன் நிபந்தனைக்கும் மாற்றமில்லை.

நேர்ப் பின்னூட்டம் என்றாலே கேடு என்ற எண்ணத்துக்கு நல்ல மறுப்பு வீன் பால அலையியற்றி. மாக்ஸ் வீன் 1891-இல் உருவாக்கிய பாலச்சுற்றை வைத்து, வில்லியம் ஹியூலெட் 1939-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டுக்காக ஓர் அலையியற்றியைச் செய்தார். ஹியூலெட்-பக்கார்டு நிறுவனத்தின் முதல் பொருளான 200A அதிலிருந்துதான் வந்தது. சுற்றில் ஒரு பெருக்கியின் வெளியீடு, இரண்டு சம மின்தடைகளும் இரண்டு சம மின்தேக்கிகளும் கொண்ட வலை வழியாக, குறி மாறாமல் உள்ளீட்டுக்குத் திரும்புகிறது. ω₀ = 1/RC என்பதை 1 என்று கொண்டால் வலையின் பரிமாற்றச் சார்பு s/(s² + 3s + 1). பெருக்கியின் பெருக்கம் K என்றால் மூடிய வளையத்தின் சமன்பாடு s² + (3 − K)s + 1 = 0.

பாதையை வரைந்து பார்ப்போம். துருவங்கள் −0.382, −2.618 ஆகிய இடங்களில். சுழி தொடக்கப் புள்ளியில். இரட்டைப்படை விதிப்படி இரு துருவங்களுக்கும் இடைப்பட்ட பகுதியும், தொடக்கப் புள்ளிக்கு வலப்பக்க அச்சு முழுவதும் பாதைக்குள் வரும். K = (s² + 3s + 1)/s என்பதை வகையிட்டுச் சுழியாக்கினால் s = ±1 கிடைக்கிறது. K = 1 ஆகும்போது இரு துருவங்களும் −1-இல் சந்திக்கின்றன; அங்கிருந்து பிரிந்து, ஓரலகு ஆரமுள்ள வட்டத்தில் மேலும் கீழுமாகச் சுற்றி, K = 3-இல் கற்பனை அச்சை ±j-இல் தொடுகின்றன. K = 5-இல் +1-இல் மறுபடி சேர்கின்றன. அதன்பின் ஒன்று தொடக்கப் புள்ளியின் சுழியை நாடி வருகிறது, மற்றது வலப்பக்கம் முடிவில்லாமல் போகிறது. s = j என்ற புள்ளியில் கோணத்தைச் சரிபார்க்கலாம்: சுழியிலிருந்து 90 பாகை; துருவங்களிலிருந்து 69.1, 20.9, கூட்டினால் 90. வித்தியாசம் 0.

பெருக்கியை ஏன் 3-க்குச் சற்று மேலே வைக்கிறார்கள் என்பது இந்தப் படத்தில் தெளிவாகத் தெரியும். R = 10 கிலோ ஓம், C = 16 நானோ ஃபாரட் என்றால் அதிர்வெண் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸ். K = 3.1 என்று வைத்தால் துருவங்கள் வலது அரைத்தளத்தில் 0.05ω₀ தூரம் நுழைந்துவிடும். அலையின் வீச்சு ஏறத்தாழ 3 மில்லி வினாடிக்கு ஒருமுறை e மடங்காக வளரும். எங்கே நிற்கும் என்பதை நியமப்பாதை சொல்லாது, ஏனென்றால் அது நேரியல் அமைப்புக்கு மட்டுமே பொருந்தும். ஹியூலெட் அதற்குப் பெருக்கியின் எதிர்ப் பின்னூட்டப் பகுதியில் ஒரு சிறு இழை விளக்கை வைத்தார். வீச்சு கூடினால் இழை சூடாகி மின்தடை ஏறும், பெருக்கம் இறங்கும், துருவங்கள் கற்பனை அச்சுக்கே திரும்பி வந்து நிற்கும். எளிமையும் அழகும் இத்தனை நெருக்கமாகக் கூடிய சுற்றுகள் மிகக் குறைவு.

இதே பாதையின் இடப்பாதி வேறொரு வேலைக்குப் பயன்படுகிறது. எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் ஆர்.பி. சாலன், இ.எல். கீ இருவரும் 1955-இல் வெளியிட்ட வடிப்பானில் சம மின்தடைகளும் சம மின்தேக்கிகளும் போட்டால் கிடைக்கும் பகுதியும் s² + (3 − K)s + 1 தான். வெறும் மின்தடையும் மின்தேக்கியும் மட்டும் கொண்ட சுற்றில் துருவங்கள் மெய் அச்சை விட்டு வெளியேற முடியாது. நேர்ப் பின்னூட்டம் அவற்றை வட்டத்தின்மேல் ஏற்றுகிறது. Q = 1/(3 − K). பட்டர்வொர்த் வடிப்பானுக்கு வேண்டிய Q = 0.707 கிடைக்க K = 1.586. பேராசைப்பட்டு Q = 10 கேட்டால் K = 2.9 ஆக்க வேண்டும். அங்கே K ஒரு சதவீதம் கூடினாலே Q 14-க்கு எகிறும், மூன்றரை சதவீதம் கூடினால் வடிப்பான் அலையியற்றியாகிவிடும். சாதாரண மின்தடைகளை வைத்து இந்த வடிவில் அதிக Q கேட்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

0 பாகைப் பாதை பொறியாளரிடம் அதிகம் வந்து சேர்வது வேறொரு வழியில்: பின்னூட்டம் எதிர்க்குறியோடுதான் இருக்கும், ஆனால் அமைப்புக்குள்ளேயே ஒரு குறைக்குறி ஒளிந்திருக்கும். நீர்மின் நிலையத்து டர்பைன் அப்படிப்பட்டது. கதவைத் திறந்ததும் பென்ஸ்டாக் குழாயில் உள்ள நீர் உடனே வேகம் பிடிக்காது. கதவருகே அழுத்தம் விழுகிறது. மின்திறன் முதலில் குறைந்து பிறகே ஏறுகிறது. இதை (1 − T_w s)/(1 + 0.5T_w s) என்று எழுதுவார்கள். T_w என்பது நீரின் தொடக்க நேரம், பெரும்பாலும் அரை வினாடி முதல் நான்கு வினாடி வரை இருக்கும். T_w = 2 வினாடி, சுழலியின் நிலைமத்தைக் குறிக்கும் M = 8 வினாடி, கவர்னரின் பெருக்கம் K என்று வைத்துக்கொண்டு கவர்னரின் சொந்தத் தாமதத்தை ஒதுக்கினால், திறந்த வளையம் K(1 − 2s)/(8s(1 + s)). பகுதியிலும் தொகுதியிலும் உயர்படியின் கெழுவை 1 ஆக்கி எழுதும்போது 1 − 2s என்பது −2(s − 0.5) ஆகிறது. சமன்பாடு

1 − (K/4)(s − 0.5)/(s(s + 1)) = 0

என்று வருகிறது. எதிர்ப் பின்னூட்டம் என்ற நினைப்பில் 180 பாகை விதியைப் போட்டால் 0-க்கும் 0.5-க்கும் இடைப்பட்ட அச்சு பாதைக்குள் வந்து, எந்த K-க்கும் நிலைப்பு இல்லை என்று படம் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் அணைகள் அத்தனையும் அதைப் பொய்யாக்குகின்றன. சரியான விதிப்படி −1-க்கும் 0-க்கும் இடைப்பட்ட பகுதியும் 0.5-க்கு வலப்பகுதியும் பாதை. துருவங்கள் −0.366-இல் சந்தித்து, 0.5-ஐ மையமாகவும் 0.866-ஐ ஆரமாகவும் கொண்ட வட்டத்தில் பிரிகின்றன. K = 4-இல் ±j0.707-இல் கற்பனை அச்சைக் கடக்கின்றன. அப்போது டர்பைனின் வேகம் ஏறக்குறைய 9 வினாடிக்கு ஒருமுறை ஊசலாடும்.

மின்வலையில் பல இயந்திரங்கள் சுமையைப் பங்கிட நிரந்தர டிரூப் 5 சதவீதம் வேண்டும் என்பது பொதுவான நடைமுறை; அது K = 20-க்குச் சமம். இந்த அமைப்பில் அது எல்லையைப் போல் ஐந்து மடங்கு. அந்த மதிப்பில் துருவங்கள் 0.78, 3.22 என்று இரண்டுமே வலப்பக்க மெய் அச்சில் நிற்கின்றன. வேகம் ஊசலாடக்கூட இல்லாமல் ஒரே திசையில் ஓடிவிடும். அதனால்தான் நீர் டர்பைன் கவர்னர்களில் தற்காலிக டிரூப் சேர்க்கிறார்கள்: வேகமான மாற்றங்களுக்குப் பெருக்கம் சிறிது, நிதானமான மாற்றங்களுக்கு முழுப் பெருக்கம். தற்காலிக டிரூப் 50 சதவீதம் என்றால் வேகமான மாற்றங்களுக்கு K = 2; துருவங்கள் −0.25 ± j0.433, தணிப்பு விகிதம் 0.5.

ஒளிந்திருக்கும் குறியைக் கண்டுபிடிப்பது எளிது. வலது அரைத்தளத்தில் எத்தனை சுழிகள் என்பதை மட்டும் பார்த்தால் தவறலாம். உயர்படிக் கெழுவின் குறிதான் முடிவு செய்கிறது. நேரத் தாமதத்துக்கு முதல்படி பாதே தோராயம் (1 − sT/2)/(1 + sT/2) போட்டால் குறி மாறும், 0 பாகை விதி வேண்டும். இரண்டாம்படித் தோராயம் போட்டால் s²-இன் கெழு நேர்மதிப்பாகவே இருக்கும், வழக்கமான விதி போதும். ஒரே தாமதம், தோராயத்தின் படி மாறினால் விதி மாறுகிறது. விமானத்தில் எலிவேட்டரின் பின்விளிம்பு கீழிறங்குவதை நேர்த்திசையாகக் கொள்ளும்போதும் மூக்கு கீழே போவதால் பரிமாற்றச் சார்பு குறைக்குறியோடு தொடங்குகிறது. வளையத்தில் அந்தக் குறியைக் கவர்னரோ தானோட்டியோ ஏற்கெனவே ஈடுகட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே விதியைத் தேர்வு செய்ய வேண்டும்.

மென்பொருளில் `rlocus` கட்டளை எப்போதும் 1 + kG = 0 என்பதையே வரைகிறது. நேர்ப் பின்னூட்டத்துக்குக் குறியை நாமே கொடுக்க வேண்டும்:

```
s = tf('s');
G = s/(s^2 + 3*s + 1);
rlocus(-G)
```

இதில் வீன் பாலத்தின் வட்டம் வரும். குறைக்குறியை விட்டுவிட்டால் துருவங்கள் மெய் அச்சை விட்டு நகரவே நகராது. ஒன்று தொடக்கப் புள்ளிக்கும் மற்றது இடப்பக்க முடிவிலிக்கும் போகும். நீர் டர்பைனின் பரிமாற்றச் சார்பை (1 − 2s) என்ற வடிவிலேயே கொடுத்தால் குறைக்குறி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அங்கே இன்னொன்று சேர்க்கக் கூடாது. திரையில் வந்த படத்தில் கடைசித் துருவம் அல்லது சுழிக்கு வலப்பக்கமுள்ள அச்சு பாதையில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தால், எந்த விதி செயல்பட்டது என்பது உடனே தெரிந்துவிடும்.